சாம்பல் பூத்த படம்

கம்ப்யூட்டரில் முப்பரிமாணச் சித்திரம் அமைக்கும் கலையைப் புதிதாகப் பயில்வோர் அநேகர் ஒரே முறையீட்டைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறை, ஜன்னல், நாற்காலி எல்லாவற்றையும் சிரத்தையோடு உருவாக்கி, வர்ணம் தீட்டி, விளக்கேற்றி, ரெண்டர் செய்து பார்த்தால், சிவப்பு சிவப்பாக இல்லாமல், வெள்ளை வெள்ளையாக இல்லாமல், படம் முழுவதும் சாம்பல் பூத்தாற்போல் நிற்கிறது என்பதே அந்த முறையீடு. இதன் காரணத்தைப் பிளெண்டர் என்னும் மென்பொருளையே உதாரணமாகக் கொண்டு விளக்க விரும்புகிறேன். விலையின்றிக் கிடைப்பதால் பெரும்பாலோர் பழகுவது அதில்தான்.

ரெண்டர் கணக்கிடுவது நிறத்தையன்று, ஒளியின் அளவை. வெயில் படும் தரையில் 3 என்றும், நிழலில் உள்ள சுவரில் 0.12 என்றும், எரியும் விளக்கில் 50 என்றும் அந்த எண்கள் எல்லையின்றி ஏறி இறங்கும். திரையோ 0 முதல் 1 வரையே காட்ட வல்லது. எல்லையற்ற ஒன்றை எல்லைக்குட்பட்ட ஒன்றில் அடக்கும் காரியத்துக்கே டோன் மேப்பிங் என்று பெயர்; பிளெண்டரில் அது Color Management பகுதியில் View Transform என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

அங்கே Standard என்பதைத் தேர்ந்தால், 1-க்கு மேற்பட்ட எதுவும் 1 என்றே வெட்டப்படும். ஆகவே 3 என்ற வெயிலும் 50 என்ற விளக்கும் ஒரே வெள்ளையாகிவிடும். அதனினும் மோசமானது, நிறம் தடம் மாறுவது. ஆரஞ்சு விளக்கொன்றின் ஒளியில் சிவப்பு 3 என்றும் பச்சை 1.2 என்றும் நீலம் 0.15 என்றும் இருந்தால், முதலிரண்டும் 1 ஆக வெட்டுண்டு, ஆரஞ்சு விளக்கு மஞ்சளாகத் தெரியும். இந்தக் குறையைப் போக்கவே டிராய் சோபோட்கா என்பவர் ஃபில்மிக் என்ற மாற்றத்தை வகுத்தார். அது 2019-இல் வெளிவந்த பிளெண்டர் 2.80 முதல் இயல்பாகவே அமைந்தது. 2023-இல் வந்த 4.0 பதிப்பில் AgX அதன் இடத்தைப் பெற்றது. இது 16.5 படிகள் அளவுக்கு ஒளியை உள்ளே ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொரு படியும் ஒளி இரட்டிப்பதைக் குறிப்பது. மிக்க பிரகாசம் பெற்ற நிறங்களைப் புகைப்படச் சுருளில் நிகழ்வதுபோல் மெல்ல வெளுக்கச் செய்து வெள்ளையை நோக்கிக் கொண்டுசெல்லும்.

சாம்பலின் மூலம் இங்கேதான் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஒளிவீச்சை ஒரு சிறு திரைக்குள் அடக்கினால், ஒவ்வொரு பகுதிக்கும் கிடைக்கும் இடம் குறுகத்தானே செய்யும்? Standard-இல் 1 என்ற அளவு தூய வெள்ளை. AgX-இலோ அதே 1 வெளிர் சாம்பலாகவே நிற்கும், ஏனெனில் வெள்ளை என்ற ஸ்தானம் ஏறக்குறைய 16 மடங்கு ஒளிக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் மங்கலாக ஒளியமைத்த காட்சியை AgX-இல் பார்ப்பவர், நடுப்பகுதியையும் அதற்குக் கீழ்ப்பட்டதையும் மட்டுமே காண்கிறார். மேற்பகுதி வெறுமனே கிடக்கிறது. இது அம்மாற்றத்தின் பிழையன்று, எக்ஸ்போஷரை நாம் நிர்ணயிக்காததன் விளைவு.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். வெள்ளைச் சுவர், பக்கத்தில் ஜன்னல், தரையில் ஒரு துண்டு வெயில், சுவரோரமாய்ச் சிவப்பு நாற்காலி. ரெண்டர் ஆன படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால், கீழே ஒளியின் உண்மையான எண்களும், CM என்ற குறியோடு திரைக்கு மாற்றப்பட்ட எண்களும் தெரியும். சுவரில் 0.12 என்று வருகிறது. வெண்சுவர் என்பது வந்து விழும் ஒளியில் ஏறக்குறைய எண்பது சதவிகிதத்தைத் திருப்பி அனுப்புவது. அது வெறும் 0.12 காட்டினால் அதன்மேல் விழும் ஒளியே போதாது என்று பொருள். Exposure என்ற இடத்தில் 2 என்று இட்டால், இரண்டு படிகள், அதாவது நான்கு மடங்கு. சுவர் 0.48 ஆகும், 3 ஆக இருந்த வெயில் 12 ஆகும், அதுவும் 16-க்குள் அடங்குவதால் தரையின் வெளுத்த பலகைக்கோடுகள்கூட அழியாமல் நிற்கும். நாற்காலியின் சிவப்பு அப்போதே பாதி உயிர்பெற்றுவிடும். மீதிக்கு Look என்ற இடத்தில் Medium High Contrast என்பதைத் தேர்ந்தால், இருள் மேலும் ஆழ்ந்து, ஒளி மேலெழுந்து, நடுவே இருந்த தட்டைத்தன்மை நீங்கும்.

இந்த வரிசையை நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: முதலில் எக்ஸ்போஷர், பிறகே கான்ட்ராஸ்ட். பலரும் படம் இருட்டாக இருக்கக் கண்டு, அடுத்திருக்கும் Gamma எண்ணை உயர்த்திவிடுகிறார்கள். அது ஒளியைப் பெருக்குவதன்று. திரைக்கு மாற்றியபின் இருண்ட பகுதிகளையும் நடுப்பகுதிகளையும் தூக்கிவிடுவது. கறுப்பு சாம்பலாகி, எந்த நோய்க்கு மருந்து தேடினோமோ அதே நோய் முற்றும். அதை 1-லேயே விட்டுவிடுவது உத்தமம்.

எக்ஸ்போஷரைச் சரிசெய்தும் படம் வெளிறியிருந்தால், நிறம் உள்ளே நுழையும் வாசலைப் பார்க்க வேண்டும். ஒரு துணியின் புகைப்படத்தை நாற்காலியின்மேல் போர்த்தும்போது, அந்தப் படம் sRGB என்று குறிக்கப்பட்டிருத்தல் அவசியம். தவறி Non-Color என்று குறித்துவிட்டால், 255-இல் 118 என்ற நடுத்தரச் சாம்பல், 0.18 என்று எடுத்துக்கொள்ளப்படாமல் 0.46 என்று எடுத்துக்கொள்ளப்படும். துணி முழுவதும் சுண்ணாம்பு தடவியதுபோல் ஆகிவிடும். இதற்கு மாறாக, சொரசொரப்பையும் மேடுபள்ளத்தையும் குறிக்கும் படங்கள் Non-Color ஆகவே இருக்க வேண்டும். அவை நிறங்கள் அல்ல, அளவுகள்.

வெளியேறும் வாசலிலும் ஒரு சங்கடம் உண்டு. படத்தை PNG ஆகச் சேமித்தால், AgX மாற்றம் அதனுள்ளேயே பதிந்துவிடுகிறது. அந்தப் படங்களைத் திரைப்படமாகக் கோக்க மறுபடி பிளெண்டருக்குள் கொண்டுவந்து, அங்கும் AgX இருக்க விட்டுவிட்டால், ஏற்கெனவே அடக்கப்பட்ட ஒளி இரண்டாம் முறையும் அடக்கப்படுகிறது. ரெண்டரில் செழிப்பாயிருந்த படம், கோத்த பின்பு திடீரென மங்கிவிட்டது என்று யாரேனும் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான். கோக்கும் இடத்தில் Standard வைத்தால் போதும். அல்லது ஒளியின் எண்களை அப்படியே காக்கும் EXR ஆகச் சேமித்து, மாற்றத்தைக் கடைசியில் ஒருமுறை மட்டும் செய்யலாம்.

இவையெல்லாம் செய்தும் படம் தட்டையாகவே இருக்குமானால், குற்றம் ஒளியமைப்பில் இருக்கலாம். அதைக் கண்டறிய View Transform-ஐ ஒரு நிமிஷம் Standard-க்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் நாற்காலியின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் பேதமே தெரியாவிட்டால், ஒளி நாற்புறமும் ஒரே அளவாய்ச் சூழ்ந்திருக்கிறது; நிழல் விழவே இடமில்லை. சூழ்ந்த ஒளியைக் குறைத்து, ஜன்னல் பக்கத்திலிருந்து மட்டும் வலுவாக ஒளி வரச் செய்தாலன்றி எந்த எண்ணும் உதவாது.

ஒரு கம்பெனியின் சின்னத்தையோ சோப்புப் பெட்டியையோ அச்சாக அதே நிறத்தில் காட்ட வேண்டிய வேலைக்கு மட்டும் AgX பொருந்தாது. அதற்கென்றே 4.2 பதிப்பில் Khronos PBR Neutral என்ற மாற்றம் சேர்க்கப்பட்டிருக்கிறது. சாதாரண வெளிச்சத்தில் உள்ள நிறங்களை ஏறக்குறைய மாற்றாமல் விட்டு, மிகுந்த ஒளியை மட்டும் அது அடக்கிக்கொள்ளும்.