ஹார்மோனியம் கேட்டா அக்கார்டியன் ஏன் வருது?

ராயப்பன்பட்டி சர்ச் கொயர்ல கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருத்தன் மிடி ஃபைல் அனுப்பியிருந்தான். "அண்ணே, ஹார்மோனியம் டோன்ல வாசிச்சேன். கம்ப்யூட்டர்ல பியானோவா கேக்குது."

மிடி ஃபைலுக்குள்ள சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எத்தனாம் நம்பர் வாத்தியம்ங்கிற குறிப்புதான் இருக்கு. சத்தம் தர்றது சவுண்ட்ஃபான்ட். அவன் ஃபைல்ல வாத்திய நம்பர் பதிவாகலை. அப்போ பியானோதான் பேசும். நீட்டிப் பிடிச்ச சுரமெல்லாம் பாதியிலேயே தேய்ஞ்சு போகுது.

ஜெனரல் மிடியோட 128 வாத்தியத்துல ஹார்மோனியம்னு பேரே இல்ல. நெருங்கி வர்றது 21, ரீட் ஆர்கன். தம்பி 21 போட்டான், அக்கார்டியன் வந்துச்சு! அவனோட எடிட்டர் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுது. 20 போட்டதும் சரியாச்சு. அப்புறம் ஆடியோவா மாத்த ஒரே வரி:

```
fluidsynth -ni -g 0.5 -F paattu.wav FluidR3_GM.sf2 paattu.mid
```

`-g` சத்த அளவு. உச்சத்துல கரகரன்னு உடைஞ்சா குறைச்சிடுங்க.

தபலா மட்டும் இன்னும் ஒட்டலை. பத்தாவது சேனல்ல வெஸ்டர்ன் டிரம்ஸ்தான் வரும். அதுக்குத் தனி சவுண்ட்ஃபான்ட் தேடிக்கிட்டிருக்கான்.