அடிபடாமலே கன்னிப்போனால்



கட்டில் கால்ல இடிச்சுக்கிட்டா அந்த இடம் கன்னிப்போகும். தோலுக்கு அடியில இருக்கிற சின்ன ரத்தக்குழாய் உடைஞ்சு, ரத்தம் கசிஞ்சு அங்கேயே தங்கிடுது. முதல்ல சிவப்பா இருக்கும். ஒண்ணு ரெண்டு நாளில் கருநீலமாகும். ஐந்தாறு நாள் கழிச்சு பச்சை, பிறகு மஞ்சள், பழுப்பு. ரெண்டு வாரத்துக்குள்ள பெரும்பாலும் மறைஞ்சிடும். தங்கின ரத்தத்தை உடம்பு கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுக்கிறதாலதான் இந்த நிற மாற்றம். மஞ்சளைப் பார்த்து பயப்பட வேண்டாம், ஆறுதுன்னு அர்த்தம். ஆனா கருத்த தோல்ல நிறம் சரியா தெரியாது. நிறத்தை வைத்து எத்தனை நாள் ஆச்சுன்னு துல்லியமா சொல்லவும் முடியாது.

எங்க தெருவில் பன்னிரண்டு வயசுப் பொண்ணு ஒருத்தி. தொடையிலும் முதுகிலும் கன்னிப்போயிருந்துச்சு. அடிபட்டதா ஞாபகமே இல்லைன்னு சொன்னா. "காத்து கருப்பு கிள்ளியிருக்கு, மந்திரிச்சு விடலாம்"னு பாட்டி சொன்னாங்க.

விளையாடுற பிள்ளைக்கு முழங்கால்லயும் முன்னங்கால்லயும் கன்னுறது சகஜம். இவளுக்கு அடிபடாத இடத்துல இருந்துச்சு. பழசு மஞ்சளாகும்போதே பக்கத்துல புதுசு வந்துச்சு. பாதத்துல கடுகை விடச் சின்னதா சிவப்புப் புள்ளிகள். அழுத்திப் பார்த்தா மறையல. பல் விளக்கும்போது ஈறுல ரத்தம் வேற.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும், இவளுக்கு 14,000தான். அன்னைக்கே மாவட்ட அரசு மருத்துவமனைக்கு அனுப்பிட்டாங்க. முன்னாடி வந்த காய்ச்சலுக்குப் பிறகு உடம்பே தன் தட்டணுக்களை அழிக்குதுன்னு டாக்டர் விளக்கினார். மாத்திரை கொடுத்தாங்க. மூணு வாரத்துல எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டிச்சு. அதுவரைக்கும் ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரையும் இடுப்பு ஊசியும் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.

அதனால அடிபடாமலே அடிக்கடி கன்னினாலோ, வயிறு, முதுகுல பெருசா வந்தாலோ, ரெண்டு வாரமாகியும் மறையலைன்னாலோ, மாதவிலக்கு ரத்தம் வழக்கத்தை விட அதிகமா போனாலோ டாக்டர்கிட்ட ரத்தப் பரிசோதனை கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க அதைத் தாங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட சொல்லணும். காய்ச்சலோட புள்ளி வந்தாலோ, மலம் கருப்பா போனாலோ, மூக்குல ரத்தம் நிக்கலைன்னாலோ அன்னைக்கே போகணும்.

இன்னொண்ணு. தவழாத கைக்குழந்தைக்குக் கன்னியிருந்தா, அது தானா இடிச்சுக்க வழியே இல்ல. நோயா இருக்கலாம், யாராவது அடிச்சும் இருக்கலாம். உடனே டாக்டர்கிட்ட காட்டணும். பெரியவங்களுக்கும் காது, கழுத்துல விரல் பதிஞ்ச மாதிரி இருந்தா, தனியா கூப்பிட்டு மெதுவா கேளுங்க. குழந்தைக்கு 1098, பெண்களுக்கு 181. இந்த ரெண்டு நம்பரையும் குழு நோட்டுல எழுதி வைங்க.