ஏழு நாளில் கடை திறப்பு: தையல்காரருக்கு ஒரு பேச்சு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஒரு ஆல்டரேஷன் கடை திறக்கப் போறீங்கன்னு வச்சுக்குவோம். ஒரு மெஷின், உதவிக்கு ஒருத்தர். திறப்புக்கு இன்னும் ஏழு நாள் இருக்கு. போன்ல என்ன போடணும்?

பலரும் முதல் நாளே தோரணம் கட்டின படத்தை ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. அதை யார் பார்ப்பாங்க? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், நீங்களும் எதிராளியும் ஒருத்தர் நம்பரை ஒருத்தர் சேமிச்சிருந்தாத்தான் தெரியும். அதனால முதல் ரெண்டு நாள் படமே வேண்டாம். கடை வாசல்ல பெரிய எழுத்துல நம்பரை எழுதி வைங்க. "சேமிச்சுட்டு ஒரு ஹலோ அனுப்புங்க"ன்னு கேளுங்க. ஹலோ வந்தவுடனே அவங்க பேரோட நீங்களும் சேமிக்கணும். இதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க.

அதே ரெண்டு நாளுக்குள்ள கூகுள் மேப்பிலும் கடையைப் பதிஞ்சு, திறக்கும் தேதியைக் குறிச்சிடுங்க. கடை உங்களுடையதுதானான்னு சரிபார்க்க அவங்க வீடியோ கேக்கலாம், அதுக்குச் சில நாள் பிடிக்கும். கடைசி நாள்ல ஆரம்பிச்சா மேப்ல கடை இருக்காது.

மூணாவது நாள்லேர்ந்து வேலையைக் காட்டுங்க. நீளமான பேண்ட், மடிச்சுத் தைச்ச பேண்ட், ரெண்டு படம், கீழே கூலி. யூனிபார்ம் ஜிப், இடுப்பு பிடிக்கிறது, இதுதான் இங்கே கேட்டு வரும். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கிற ஊர். கூலியை எண்ணில் போட்டா மொழி தடையில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிக்கும், அதனால எந்த ஷிப்ட்காரரும் ஒருமுறை பார்த்துடுவாங்க. தினமும் அதே நேரத்துல போட்டா போதும்.

இப்போ முக்கியமான கணக்கு. ஒரு பேண்ட் அடி மடிக்க, அளவு, வெட்டு, தையல், அயர்ன் எல்லாம் சேர்த்து 20 நிமிஷம்னு வைங்க. எட்டு மணி நேரத்துல 24 உருப்படி. திறப்பு நாள்ல வந்து பேசுறவங்களுக்கே ரெண்டு மணி நேரம் போயிடும், மிச்சம் 18. ஆனா "முதல் நாள் பாதி கூலி"ன்னு பொதுவா போட்டா அறுபது துணி வந்து குவியும். ரெண்டு நாள் தாமதமாகும், துணி மாறிப்போகும். ஆகவே ரெண்டு நாள் முன்னாடி, "முதல் 15 பேருக்கு மட்டும், டோக்கன் எண் அனுப்பப்படும்"னு போடுங்க. டோக்கன் எண்ணைத் துணியிலும் ஊசி குத்தி வைங்க.

முந்தைய நாள் பெயர்ப்பலகையோட படம் போடலாம். பலகையில தமிழ்தான் முதல்ல, பெரிசா இருக்கணும், அது விதி. உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்துல இலவசம். யாராவது பணம் கேட்டா கொடுக்காதீங்க.

திறப்பு நாள் காலையில ஒரே பதிவு: வாசல் படம், மேப் இணைப்பு, நேரம். மாலையில 15 டோக்கனும் முடிஞ்சதும், "நாளைக்கு வர்றவங்களுக்கு வியாழன் டெலிவரி"ன்னு தேதியோட ஒரு வரி போடுங்க.