மார்ச் மாத வேலையை டிசம்பரில் யார் பேசுவது?



செய்த வேலையை வாராவாரம் நமக்கு நாமே எழுதி வைத்து, வருடக் கடைசியில் மதிப்பீட்டுப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டு போவது பயனுள்ள பழக்கமா, வெறும் தம்பட்டமா? பயனுள்ள பழக்கம் என்று சொல்ல வந்திருக்கிறேன். நான் பாசீர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்பிங் பிரிவில் வேலை செய்கிறேன். சரக்கு கண்டெய்னரில் ஏறியதிலிருந்து கப்பலில் ஏறும்வரை அதற்கான தாள்களெல்லாம் என் பொறுப்பு.

எதிரணித் தலைவர் அண்ணன் ஒன்று சொன்னார். நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள், எதையும் எழுதி வைத்துக்கொண்டு முதலாளி முன்னால் நிற்கவில்லை, உழைப்பே பேசியது என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். என் பாட்டியும் லாயாங் லாயாங் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியவர்தான். அவர் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள்.

ஒரு வருடம் ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் எங்கள் நான்கு கண்டெய்னர்கள் கப்பலைத் தவறவிட்டன. சரக்கு தயார், லோரி தயார், கப்பலும் தஞ்சோங் பெலெப்பாஸில் நிற்கிறது. ஆனால் ஏஜெண்ட் சுங்கத்துறைக்குக் கே2 படிவம் போட வேண்டுமென்றால் பேக்கிங் லிஸ்ட் கையில் இருக்க வேண்டும். கண்டெய்னரின் மொத்த எடையையும் முன்கூட்டியே தந்தாக வேண்டும். 2016 ஜூலை 1 முதல் எடை தராத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது உலகம் முழுக்க விதி. எங்கள் கிடங்கிலோ, அன்றைக்குப் போகவேண்டிய எல்லாக் கண்டெய்னரும் ஏறி முடிந்த பிறகுதான் லிஸ்டை மொத்தமாக அச்சடிப்பார்கள். மாலை ஐந்து, ஐந்தரை ஆகிவிடும். அதற்குள் துறைமுகத்தின் கடைசி நேரம் தாண்டிவிடும். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும், லோரி வாடகையை இன்னொரு முறை கட்ட வேண்டும்.

எல்லோரும் ஏஜெண்டைத் திட்டினார்கள். நான் மார்ச் இரண்டாவது வாரம் மூன்று நாள் கிடங்கிலேயே போய் நின்று பார்த்தேன். கோளாறு ஏஜெண்டிடம் இல்லை, எங்கள் லிஸ்ட் அச்சடிக்கிற முறையில் இருந்தது. ஒரு கண்டெய்னர் ஏறி முடிந்ததும் அதன் லிஸ்டை மட்டும் உடனே அனுப்பிவிடலாம் என்று கிடங்கு சூப்பர்வைசரிடம் பேசினேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் மட்டும் செய்து பார்ப்போம் என்று கேட்டேன். முதல் லிஸ்ட் காலை பதினொரு மணிக்கே ஏஜெண்ட் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நவம்பர்வரை ஒரே ஒரு கண்டெய்னர்தான் தவறியது. அதுவும் கப்பல்காரர்கள் பயணத்தை ரத்து செய்ததால் தவறியது.

இப்போது அந்த வருட டிசம்பருக்கு வாருங்கள். ஆகஸ்டில் எங்கள் மேனேஜர் மாறிவிட்டார். புதியவர் நல்ல மனிதர், ஆனால் ஜனவரியில் கப்பல் தவறியதை அவர் பார்க்கவில்லை. அவர் வந்தபோது எல்லாம் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சீராக ஓடும் வேலையைப் பார்த்து, இதை யார் சீராக்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நவம்பரில் நான் ஒரு இன்வாய்ஸில் விலையைத் தப்பாகப் போட்டுவிட்டேன். மதிப்பீட்டுப் பேச்சு நாற்பது நிமிடம் நடந்தது. அதில் முக்கால்வாசி அந்த இன்வாய்ஸ்தான். “இந்த வருசம் நீங்க செஞ்ச முக்கியமான வேலைனு எதைச் சொல்வீங்க?” என்று அவர் கேட்டார். எனக்கு மார்ச் நினைவுக்கே வரவில்லை. “எப்பவும்போல எல்லா வேலையும் பார்த்தேன்” என்றேன். ஐந்துக்கு மூன்று போட்டார். அடுத்த பிப்ரவரியில் வேறு எதையோ தேடும்போது அந்த முதல் லிஸ்ட் அனுப்பிய மின்னஞ்சல் கண்ணில் பட்டது. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை என்னால் மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தேன்.

இங்கே எதிரணித் தம்பி சொன்னதற்கு வருகிறேன். எல்லாம்தான் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இருக்கிறதே, வருடக் கடைசியில் தேடினால் கிடைத்துவிடும், தனியாக எதற்கு எழுத வேண்டும் என்றார். பாதி சரி, தம்பி. சாட்சி அங்கேதான் இருக்கிறது. ஆனால் தேடுவதற்கு முதலில் ஞாபகம் இருக்க வேண்டும். எனக்கு எதைத் தேடுவது என்றே தெரியவில்லை. இன்னொன்று, அந்த மின்னஞ்சலைத் திறந்தால் ‘லிஸ்ட் இணைத்துள்ளேன்’ என்ற ஒரே வரிதான் இருக்கும். நான் மூன்று நாள் கிடங்கில் நின்றது அதில் இல்லை. அதற்கு முன்னால் நான்கு கண்டெய்னர் தவறியதும் இல்லை.

அன்றைக்கே எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? ‘மார்ச் இரண்டாம் வாரம். ஜனவரி, பிப்ரவரியில் 4 கண்டெய்னர் கப்பலைத் தவறவிட்டன. காரணம், லிஸ்ட் மாலையில் மொத்தமாக வருவது. ஒவ்வொன்றாக அனுப்பக் கிடங்கு சூப்பர்வைசர் ஒத்துக்கொண்டார். முதல் லிஸ்ட் காலை 11-க்குப் போனது. மின்னஞ்சல் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் எத்தனை தவறியது என்று எண்ணணும்.’ அவ்வளவுதான். முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், என்ன மாறியது, சாட்சி எங்கே. கடைசி வரிதான் உயிர். வேலை முடிகிற வாரத்தில் பலன் தெரியாது. பலனைப் பார்க்கத் திரும்பி வருவேன் என்று அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால், யாரும் திரும்பி வந்து எண்ணமாட்டார்கள்.

இதையே ‘கிடங்கு பிரச்சினை பற்றிக் கூட்டத்தில் கலந்துகொண்டேன், ஏஜெண்டோடு பேசினேன்’ என்று எழுதியிருந்தால் டிசம்பரில் அது வெறும் தாள். நான் எழுத ஆரம்பித்த முதல் மூன்று மாதம் அப்படித்தான் எழுதினேன். திரும்பப் படித்தபோது, இது வேறு யாருடைய குறிப்பாகவும் இருக்கலாமே என்று தோன்றியது. வெறும் தாளுக்கு அதுதான் அடையாளம்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய ஐயா மனிதவளப் பிரிவில் பல வருடம் இருந்தவர். அவர் வைத்த வாதம்தான் இன்றைக்கு வலுவானது. மதிப்பெண் பேச்சில் முடிவாவதில்லை, அதற்கு முன்பே மேனேஜர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து யாருக்கு நான்கு, யாருக்கு மூன்று என்று ஒப்பிட்டு முடித்துவிடுவார்கள், நீங்கள் தாளைக் கொண்டுபோகும்போது பட்டியல் மேலே போயிருக்கும் என்றார். ஐயா, நூற்றுக்கு நூறு உண்மை. நானே பட்டிருக்கிறேன். எழுதத் தொடங்கிய முதல் வருடம், ஒரு பக்கத்தில் தொகுத்துப் பேச்சன்றைக்கு நீட்டினேன். மேனேஜர் படித்துவிட்டு, “இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே” என்றார். அந்த வருடமும் மூன்றுதான்.

ஆனால் ஐயா, நீங்கள் சொன்னது பழக்கம் வீண் என்று காட்டவில்லை. தாளை எப்போது கொடுக்க வேண்டும் என்று காட்டுகிறது. அந்த அறைக்குள் நான் இல்லை, என் மேனேஜர்தான் இருக்கிறார். பக்கத்து மேனேஜர் தன் ஆளுக்காகப் பேசும்போது, இவர் எனக்காகப் பேச இவருக்கு வாக்கியங்கள் வேண்டும். ‘நல்ல பிள்ளை, கடுமையாக உழைக்கும்’ என்பது அங்கே செல்லாது. அடுத்த வருடம் நவம்பர் முதல் வாரமே ஒரு பக்கத்தைக் கொடுத்தேன். எல்லா வாரக் குறிப்பையும் கொடுக்கவில்லை, அதிலிருந்து ஐந்தே விஷயங்கள். அந்த முறை நான்கு வந்தது. குறிப்பால் மட்டும் வந்தது என்று சத்தியம் செய்யமாட்டேன். அந்த வருடம் கம்பெனிக்கும் நன்றாக இருந்தது.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஸ்.கே.டி. எழுதுகிறவர்களுக்குத் தெரியும், வருட ஆரம்பத்தில் இலக்கு எழுதுகிறோம், ஆனால் வேலை அந்தத் தாளைப் பார்த்து வருவதில்லை. மார்ச்சில் ஒருவர் மாற்றலாகிப் போவார், அவருடைய கோப்புகள் நம் மேசைக்கு வரும். ஆண்டின் நடுவில் இலக்கைச் சேர்க்கவும் நீக்கவும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நடுவில் வந்த வேலை எது என்று சொல்லத் தெரியாமல் பழைய தாளிலேயே கையெழுத்துப் போடுகிறோம். என் வீட்டுக்காரர் அரசு ஊழியர். ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தவரை வியாழன் மாலை எழுதுவார். 2025 ஜனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு என்னோடு வெள்ளி மாலை எழுதுகிறார். பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் அடுத்த வாரம் எழுத மனம் வராது.

தம்பட்டம் என்ற சொல்லுக்கு வருகிறேன். ஜூலியா எவன்ஸ் என்ற நிரலாளர் 2019-இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதியபோது, பெருமையடிக்கும் ஆவணம் என்ற பொருள்படும் பெயரைத்தான் இதற்குப் பயன்படுத்தினார். அப்படி எழுதுவதில் எனக்கும் கூச்சம் இருந்தது. என் கூச்சம் எப்படிப் போனது தெரியுமா? ஒவ்வொரு குறிப்பிலும் உடன் வேலை செய்தவர் பெயரை எழுத ஆரம்பித்தேன். கிடங்கு சூப்பர்வைசர் பெயர் என் தாளில் இருந்ததால், நாங்கள் பின்னால் சேர்ந்து செய்த வேலை அவருடைய மதிப்பீட்டிலும் பேசப்பட்டது. வாடிக்கையாளர் பெயர், விலை, கம்பெனி ரகசியம் எதையும் என் நோட்டில் எழுதுவதில்லை. அது வீட்டுக்கு வரும் நோட்டு.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சில இடங்களில் மேலாளர் இதைக் கேள்விப்பட்டு, இனி வாராவாரம் எனக்கு அனுப்புங்கள் என்பார். அன்றைக்கே இந்தப் பழக்கம் செத்துவிடும். அதன்பின் அது அவருக்கு எழுதும் அறிக்கை. தப்பாகப் போன வேலையை அதில் யாரும் எழுதமாட்டார்கள். எழுதாவிட்டால் எதைத் திருத்தினோம் என்பதும் போய்விடும்.

குளுவாங்கிலிருந்து வந்த ஆசிரியை அக்கா தலைப்பைக் கொஞ்சம் விட்டு விலகித் தன் மாணவனைப் பற்றிப் பேசினார். வாசிக்கத் தெரியாத பையன், மூன்று வருடம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார், இப்போது செய்தித்தாள் படிக்கிறான். இதை எந்த வாரத்தில் எழுதுவது என்று கேட்டார். அக்கா, என்னிடம் முழு பதில் இல்லை. அவன் ஒரு வரி படித்த வாரத்தில் அந்த ஒரு வரியை எழுதலாம். ஆனால் அதைக் கேட்க எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கத்து வாதம் அங்கே போய் நிற்கிறது.

நடுவர் மணியைத் தொடுகிறார். பாட்டி கதையைச் சொல்லி முடிக்கிறேன்.

தோட்டத்தில் எழுதவில்லை என்றார் அண்ணன். எழுதினார்கள். செக்ரோலில் கிராணி எழுதினார். பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து, யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் எழுதினார். அந்தப் புத்தகம் கம்பெனிக்கானது. என் பாட்டிக்கு எழுதத் தெரியாது. லயத்தில் கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போடுவார். மரம் வெட்டினால் நேர்கோடு, வேறு வேலைக்கு அனுப்பினால் சாய்கோடு. ஒரு மாதம் சம்பளத்தில் இருபத்திரண்டு நாள் வந்தது. சுவரில் இருபத்து நான்கு. பாட்டி ஆபீசுக்குப் போய் நின்றார். கிராணி செக்ரோலைத் திருப்பிக் காட்டினார். பாட்டி, “ரெண்டு கோடு சாஞ்சு கெடக்கு சாமி, வந்து பாருங்க” என்றார். அவர் வந்து பார்த்தார், தண்டலைக் கூப்பிட்டுக் கேட்டார். மழையில் வெட்டு நின்ற இரண்டு நாள், பாட்டியைப் புல் வெட்ட அனுப்பியிருந்தார்கள். வெட்டுக்காரர்கள் பக்கத்திலும் பெயர் இல்லை, புல் வெட்டுகிறவர்கள் பக்கத்திலும் இல்லை. அந்த இரண்டு நாள் கூலி அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்து வந்தது.