வீதி விபத்து மரணம்: இழப்பீடு கோரும் உரிமை யாருக்கு?



வீதி விபத்தில் ஒருவர் இறந்தால் இழப்பீடு முழுவதும் அவருடைய வாரிசுகளுக்கே சேரும் எனப் பலர் கருதுவதுண்டு. ஜேர்மன் சட்டத்தில் வாரிசுரிமை வேறு, இழப்பீட்டு உரிமை வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மியூனிக் நகரில் பாதசாரிக் கடவையில் நடந்து சென்ற ஒருவரைக் கார் மோதுகிறது. மூன்று வாரங்கள் மருத்துவமனையில் வேதனையுற்று அவர் இறக்கிறார். மனைவி, இரு சிறு பிள்ளைகள், யாழ்ப்பாணத்தில் தாய், ஒரு தம்பி ஆகியோர் அவருக்கு உள்ளனர்.

அந்த மூன்று வார வேதனைக்கான தொகை இறந்தவருக்கு உரியது. ஆகவே அது வாரிசுகளைச் சேரும். இறுதிச்சடங்குச் செலவை ஏற்கும் கடமை வாரிசுகளுடையது என்பதால், அதனையும் அவர்களே காரின் காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம்.

பெருந்தொகை பெரும்பாலும் பராமரிப்பு இழப்பிலேயே அடங்கும். குடியியல் சட்டக்கோவையின் 844ஆம் பிரிவின்படி, இறந்தவர் எவரைப் பராமரிக்கச் சட்டப்படி கடமைப்பட்டிருந்தாரோ அவரே இதனைக் கோரலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இவ்வுரிமை உண்டு. விபத்தின்போது கருவிலிருந்த குழந்தைக்கும் உண்டு. சம்பளம் மட்டுமன்றி, இறந்தவர் செய்துவந்த வீட்டுவேலையும் பிள்ளை வளர்ப்பும் கணக்கில் சேரும். தம்பிக்கு அவர் மாதந்தோறும் பணம் அனுப்பியிருந்தாலும், சகோதரரைப் பராமரிக்கும் சட்டக்கடமை ஜேர்மனியில் இல்லாமையால் அவருக்கு இத்தொகை கிட்டாது. தாய்க்குப் பராமரிப்பு உரிமை இருந்ததா என்பது, அவர் தம் வருவாயில் வாழ இயலாதவரா என்பதைப் பொறுத்தது. அதற்கான சான்றுகளும் வங்கிப் பற்றுச்சீட்டுகளும் தேவைப்படும். வெளிநாட்டில் வாழ்வது மட்டுமே தடையாகாது.

துயரத்துக்கான தொகை 2017ஆம் ஆண்டு யூலை 22க்குப் பின் நிகழ்ந்த விபத்துகளுக்கு உண்டு. வாழ்க்கைத்துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் நெருக்கத்தைச் சட்டமே ஊகித்துக்கொள்கிறது. தம்பி அதனை நிறுவ வேண்டும். 10,000 யூரோவை வழிகாட்டும் அளவாகக் கொள்ளலாம் என உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. அது உச்சவரம்பு அன்று.

ஜேர்மனியில் பதிவுத் திருமணம் செய்யாது தாலி மட்டும் கட்டி வாழ்ந்தவர், சட்டத்தின் முன் மனைவி ஆகார். மனைவி என்ற முறையில் அவருக்குப் பராமரிப்பு இழப்பீடு இல்லை. நெருக்கத்தை நிறுவினால் துயரத் தொகையைக் கோரலாம். அவர்தம் பிள்ளைகளின் உரிமைக்கு இதனால் குறைவில்லை.

இறந்தவரிடத்தும் தவறு இருந்தால் தொகை அதற்கேற்பக் குறையும். விபத்தும் மரணமும் 2024 மார்ச்சில் நிகழ்ந்து, பொறுப்பாளி யாரென்பதும் அவ்வாண்டிலேயே தெரிந்திருந்தால், கோரிக்கை 2027 டிசம்பர் 31உடன் காலாவதியாகும். காப்புறுதி நிறுவனம் ஒரே தொகையைத் தந்து, இனி எதுவும் கோருவதில்லை என்ற படிவத்தை நீட்டக்கூடும். பிள்ளைகளின் பல்லாண்டுப் பராமரிப்பும் அக்கையொப்பத்தோடு முடிந்துவிடலாம். ஆகவே சட்டத்தரணி பார்த்த பின்னரே அதில் ஒப்பமிடுதல் வேண்டும்.