‘ஹூ ஒர்க்’கா, ‘ஹூ ஒர்க்ஸ்’ஸா?

ஒரு நர்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. “ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஹூ ஒர்க் அட் நைட்.” இரவில் வேலை பார்க்கிறவர்களில் அவரும் ஒருவர் என்பது பொருள். இதில் ‘ஒர்க்’ என்று சொல்வதா, ‘எஸ்’ சேர்த்து ‘ஒர்க்ஸ்’ என்று சொல்வதா? பேச்சு ஒரு பெண்ணைப் பற்றியது, வாக்கியம் ‘ஷி’யில் தொடங்குகிறது, போதாக்குறைக்கு ‘ஒன்’ வேறு வருகிறது. ‘ஹி, ஷி, இட் வந்தால் எஸ் போடு’ என்று படித்து வந்த நமக்கு நாக்கு ‘ஒர்க்ஸ்’ பக்கம்தான் போகும். நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ‘வேலை பார்க்கிற’ என்ற நம் பெயரெச்சம் ஒருவர், பலர் என்று எதையும் காட்டாது. ‘வேலை பார்க்கிற நர்ஸ்’, ‘வேலை பார்க்கிற நர்ஸுகள்’ இரண்டிலும் அது அப்படியே நிற்கிறது. ஆகவே இந்த இடத்தில் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கமே தமிழில் நமக்கு இல்லை.

இங்கே ‘எஸ்’ இல்லாத ‘ஒர்க்’கே பொருந்தும் என்பது என் கட்சி. காரணத்தை அந்த வாக்கியத்திலேயே பார்க்கலாம். “ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ்” என்று பாதியில் நிறுத்திப் பாருங்கள். ‘யாரில் ஒருவர்?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் ‘ஹூ ஒர்க் அட் நைட்’ வருகிறது. அதாவது, ‘ஹூ’ என்று தொடங்கும் கிளைத்தொடர் அந்தப் பெண்ணை விவரிக்கவில்லை. ‘தோஸ்’ என்ற கூட்டம் எது என்று வரையறுக்கிறது. வேலை பார்ப்பது கூட்டம், எனவே வினையும் பன்மை. சந்தேகம் இருந்தால் வாக்கியத்தைத் திருப்பிப் போடலாம்: “ஆஃப் தோஸ் ஹூ ஒர்க் அட் நைட், ஷி இஸ் ஒன்.” இப்படிப் போட்டால் ‘தோஸ் ஹூ ஒர்க்ஸ்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒருமை வினை இன்று நேற்று வந்த பிழை அல்ல. பழைய ஆங்கிலத்திலேயே இந்த இடத்தில் அது காணப்படுகிறது. 1926இல் வந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் அதைக் கண்டித்தார். 1989இல் வந்த மெரியம்-வெப்ஸ்டர் வழக்கு அகராதியோ இரண்டு வடிவங்களும் நெடுங்காலமாக வழங்கி வருவதை எடுத்துக்காட்டியது. அப்படியானால் அதைத் தவறு என்று எப்படிச் சொல்வது? வெறும் கவனக்குறைவு என்று நானும் தள்ளிவிட மாட்டேன். கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு உளவியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஒருமை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே பன்மைப் பெயர் ஒன்று வந்தால் அது வினையைப் பன்மைக்கு இழுத்துவிடுவதைக் காட்டினார்கள். நம் வாக்கியத்தில் வினைக்கு அருகில் இருப்பது ‘தோஸ்’ என்ற பன்மை. அருகில் இருப்பதுதான் இழுக்கும் என்றால் எல்லோரும் ‘ஒர்க்’ என்றே சொல்ல வேண்டும். அதையும் மீறி ‘ஒர்க்ஸ்’ வருகிறதென்றால், பேசுகிறவர் மனம் கூட்டத்தை விட்டுவிட்டு அந்த ஒரு பெண்ணிடமே நிற்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். பேச்சில் அதைத் திருத்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

எழுத்தில் அப்படி விட முடியாது. முதல் வினையோடு கணக்கு முடிவதில்லை என்பதுதான் காரணம். தன் மகன் மேதை என்று நினைக்கும் தாய்மார்களில் ஒருத்தி என்று எழுதப் போனால், “ஒன் ஆஃப் தோஸ் மதர்ஸ் ஹூ திங்க் தேர் சன்ஸ் ஆர் ஜீனியஸஸ்” என்று முழுவதும் பன்மையாகப் போகும். ‘திங்க்ஸ்’ என்று தொடங்கினால் ‘ஹெர் சன் இஸ் எ ஜீனியஸ்’ என்று கடைசிவரை ஒருமையைத் தாங்கியாக வேண்டும். பெரும்பாலோர் ‘திங்க்ஸ்’ என்று தொடங்கி ‘தேர் சன்ஸ்’ என்று முடிப்பார்கள். யாருடைய மகன்கள், எத்தனை பேர் என்று வாசகர் தடுமாறுவது அங்கேதான்.

ஒருமையே சரியாகும் இடங்களும் உண்டு. “ஷி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தி நர்ஸஸ் ஹூ ஒர்க்ஸ் அட் நைட்” என்றால், இரவில் வேலை பார்ப்பவர் அவர் ஒருவரே. கிளைத்தொடர் கூட்டத்தை விட்டு அவரிடம் வந்துவிட்டது. ஆனால் ‘ஒன்லி’யைப் பார்த்ததுமே ‘எஸ்’ போட்டுவிடக் கூடாது. ‘ஒன் ஆஃப் தி ஒன்லி நர்ஸஸ்’ என்று இடம் மாறினால் அது மறுபடியும் ஒரு சிறு கூட்டம், வினையும் பன்மைக்குத் திரும்பும். “ஒன் ஆஃப் மை சிஸ்டர்ஸ்” என்று எழுதிக் காற்புள்ளி வைத்து “ஹூ லிவ்ஸ் இன் மதுரை” என்று தொடர்ந்தால், ‘ஹூ’ குறிப்பது அந்த ஒரு சகோதரியை மட்டுமே.

இறந்தகாலத்தில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. ‘ஒர்க்ட்’ ஒருவருக்கும் பலருக்கும் ஒன்றுதான். எழுதியதைத் திரும்பிப் படிக்கும்போது நின்று பார்க்க வேண்டியவை நிகழ்கால வினைகளும், ‘ஹேஸ்–ஹேவ்’, ‘இஸ்–ஆர்’, ‘வாஸ்–வேர்’ என்ற இணைகளும் மட்டுமே.