எங்கே போடலாம் என்பது கடைசிக் கேள்வி

"கையில 3 லட்சம் இருக்கு, எங்க போடலாம்?" என்பதுதான் நம்ம ஊர்ல அதிகம் கேட்கிற கேள்வி. அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது வேற: எதுக்கு, எப்போ தேவை, குறைஞ்சா தாங்குவீங்களா?

திண்டிவனத்துல மணிலா வியாபாரம் பண்ற ஒரு குடும்பம்னு வச்சுக்குவோம். மாசச் செலவு 20 ஆயிரம். பையனுக்கு ஒன்றரை வருஷத்துல காலேஜ் ஃபீஸ் 1,20,000 கட்டணும். பொண்ணுக்கு 5 வயசு.

முதல்ல 80 ஆயிரம், அதாவது நாலு மாசச் செலவு, பேங்க் சேமிப்புக் கணக்குலயே இருக்கட்டும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் வந்தப்போ மயிலத்துல ஒரே நாள்ல 50 செ.மீ.க்கு மேல மழை. வீட்டுக்குள்ள தண்ணி வந்த அன்னைக்கு, உடனே எடுக்க முடிஞ்ச பணம்தான் உதவும்.

அடுத்து ஃபீஸ் பணம். ஷேர் மார்க்கெட்ல போட்டா என்ன? 2020 ஜனவரியில சென்செக்ஸ் கிட்டத்தட்ட 42 ஆயிரம். மார்ச் 23 அன்னைக்கு 26 ஆயிரத்துக்கும் கீழே. அதே வேகத்துல இறங்கியிருந்தா 1 லட்சம் சுமார் 62 ஆயிரமா தெரிஞ்சிருக்கும். நவம்பர்லயே மார்க்கெட் பழைய உயரத்தைத் தாண்டிடுச்சு, உண்மைதான். ஆனா ஜூன்ல கட்ட வேண்டிய ஃபீஸ் நவம்பர் வரைக்கும் காத்திருக்குமா?

சரி, பாதுகாப்பா தபால் நிலைய தேசிய சேமிப்புப் பத்திரம் வாங்கலாமேன்னு தோணும். பணம் பத்திரமா இருக்கும், ஆனா 5 வருஷத்துக்குப் பூட்டு. இறப்பு, கோர்ட் உத்தரவு மாதிரி சில காரணங்களுக்குத்தான் நடுவுல எடுக்க முடியும். பாதுகாப்பான திட்டமும் நம்ம தேதிக்குப் பொருந்தலைன்னா தப்பான இடம்தான். இந்தப் பணத்துக்கு 1 வருஷ டைம் டெபாசிட் சரியா இருக்கும்.

மீதி 1 லட்சம், பொண்ணுக்கு. 13 வருஷம் இருக்கு. இங்கதான் மூணாவது கேள்வி வருது. போன்ல 1 லட்சம் 62 ஆயிரமா தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வருமா? அறுவடைக்கு அறுவடை வருமானம் மாறுற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. தாங்குவோம்னு சொல்றவங்க பாதியை இண்டெக்ஸ் ஃபண்ட்ல போடலாம். பயம்னு சொன்னா முழுசும் செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கே போகட்டும். அதுல வெட்கப்பட ஒண்ணுமில்லை.

2022-ல ஆருத்ரா கோல்டு விவகாரம் ஞாபகம் இருக்கும். லட்சத்துக்கு மாசம் 25 ஆயிரத்துக்கு மேல தருவோம்னு ஆசை காட்டி, சுமார் 1 லட்சம் பேர்கிட்ட 2,400 கோடிக்கு மேல வாங்கினதா பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டுச்சு. தேதியும் நோக்கமும் கையில இருக்கிறவங்களுக்கு இப்படி ஒரு வட்டி தேவையே படாது.

செல்வமகள் கணக்கு 10 வயசுக்குள்ள தொடங்கணும். குழந்தையோட பிறப்புச் சான்றிதழ், உங்க ஆதார், பான் கார்டு எடுத்துக்கிட்டுத் தபால் நிலையம் போங்க. 250 ரூபாயில கணக்கு திறக்கலாம். 18 வயசானதும் மேல்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். வட்டி விகிதத்தை அரசு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அறிவிக்கும். போற அன்னைக்கு கவுண்டர்ல கேட்டுக்குங்க.